‘வந்தாங்களா?’ பிரெஞ்சில் யார் வந்தது?

தமிழ் உரையாடலைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோகும்போது கை நிற்கும் இடம் பெரும்பாலும் கடினமான சொல் அல்ல, இல்லாத சொல்தான். தமிழில் எழுவாயும் செயப்படுபொருளும் சொல்லாமலே விளங்கும். பிரெஞ்சில் அவற்றைச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் வாக்கியமே நிற்காது. எதைக் கொண்டு நிரப்புவது என்பதற்கு நாலைந்து வழிகள் உண்டு. எந்த வழி எங்கே சரி என்று பார்க்க நானே எட்டு வரி எழுதி, ஒவ்வொரு வழியையும் அதே எட்டு வரியில் வைத்துப் பார்த்தேன்.

மாமியார் கடைக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். மருமகள் திண்ணையில் இருக்கிறாள்.

“வந்தாங்களா?”
“வந்தாங்க.”
“கொடுத்தியா?”
“கொடுத்துட்டேன்.”
“எதுவும் சொன்னாங்களா?”
“சொல்லல. வாங்கிட்டுப் போயிட்டாங்க.”
“எண்ணலையா?”
“எண்ணல.”

கதை இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் வட்டிக்குப் பணம் கொடுக்கும் அம்மா. கடன் மருமகள் பெயரில். இந்த இரண்டும் வாசகருக்கு ஒரு பக்கம் கழித்துத்தான் தெரியவரும். இப்போதைக்கு அவருக்குத் தெரிவது, யாரோ மரியாதைக்குரிய ஒருவர், அல்லது சிலர், வந்து எதையோ வாங்கிப் போனார்கள் என்பது மட்டும். கொடுத்தது பணம் என்ற சந்தேகமே ஏழாவது வரியில், ‘எண்ணலையா’ என்ற வினையில்தான் தட்டுகிறது.

இந்த எட்டு வரியில் ‘எதுவும்’ தவிரப் பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை. ‘கொடுத்தியா’ என்பதில் கொடுத்தவள் நீ என்பதை விகுதி சொல்லிவிடுகிறது. பள்ளியில் தோன்றா எழுவாய் என்று படித்தோமே, அதுதான். ஆனால் எதை, யாருக்கு என்பதற்கு வினையில் எந்த அடையாளமும் கிடையாது. ‘வந்தாங்க’ என்பதில் படர்க்கை தெரிகிறது, ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பது தெரியாது. எழுத்துத் தமிழில் ‘வந்தார்’ என்றால் ஒருவர் என்றாவது ஊகிக்கலாம். பேச்சில் அதுவும் போய்விட்டது. ‘சொல்லல’, ‘எண்ணல’ என்ற எதிர்மறைகளில் விகுதியே இல்லை. நான் சொல்லவில்லை, நீ சொல்லவில்லை, அவர்கள் சொல்லவில்லை எல்லாமே பேச்சில் ஒன்றுதான்.

பிரெஞ்சு இதற்கு நேர் எதிர். வந்தவர் ‘இல்’ என்றால் ஆண், ‘எல்’ என்றால் பெண், பலர் என்றால் அதற்கும் தனி வடிவம். (பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி எழுதிப்போகிறேன்.) ‘வந்தாள்’ என்று எழுதும்போது வினையின் கடைசியிலும் பெண்பாலுக்கு ஓர் எழுத்து கூடும். கொடுத்த பொருளுக்கு ‘ல’, ‘லா’, ‘லே’ என்ற மூன்றில் ஒன்று வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க, அந்தப் பொருளைப் பிரெஞ்சில் என்ன பெயரால் நினைக்கிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டும். பணம் என்றால் ‘லார்ஜான்’, ஆண்பால் ஒருமை. உறை என்றால் ‘லான்வலொப்’, பெண்பால். காசு என்ற பேச்சுச் சொல்லைப் போட்டால் ‘லே சூ’, பன்மை. மருமகள் மனதில் இருப்பது பணமா உறையா என்று தமிழ் ஆசிரியர் யோசித்திருக்கவே தேவையில்லை. மொழிபெயர்ப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதல் வழி, எல்லோரும் முதலில் எடுப்பது: பிரதிப்பெயரை வினைக்கு முன்னால் ஒட்டுவது. ‘எல் எ வெனு?’ (வந்தாளா?), ‘த்யூ ல லுயி ஆ தொன்னே?’ (நீ அதை அவருக்குக் கொடுத்தாயா?). இலக்கணம் சரி, ஓசையும் சரி. சாதாரண உரையாடலில் பத்துக்கு ஒன்பது இடத்தில் இதுவே போதும் என்பது என் அனுபவம். கணவன் சாவியைத் தேடுகிறான், மனைவி “எடுத்துட்டீங்களா?” என்கிறாள் என்றால், சாவி இரண்டு வரி முன்னால் பக்கத்திலேயே இருக்கிறது, சாவி பிரெஞ்சில் பெண்பால், ‘லா’ போட்டு நகர்ந்துவிடலாம். தமிழில் அந்தச் சொல் விட்டுப்போனதற்குக் காரணம் இருவருக்கும் அது தெரியும் என்பது மட்டுமே, வாசகருக்கும் தெரியும். அங்கே யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் நம் எட்டு வரியில் ‘எல்’ என்ற ஒற்றைச் சொல் கதையை உடைக்கிறது. வந்தவர் ஒரு பெண் என்பது முதல் சொல்லிலேயே வெளியே வந்துவிட்டது. ‘இல்’ என்று போட்டால் பொய். ஒரு பக்கம் கழித்து அந்த அம்மா வரும்போது பிரெஞ்சு வாசகர் இது வேறு ஆள் என்று நினைப்பார். பன்மை போட்டுத் தப்பிக்கலாமே என்று தோன்றும், நானும் போட்டுப் பார்த்தேன். பிரெஞ்சிலும் பேச்சில் யாரென்று சொல்லாமல் ‘அவங்க வரியை ஏத்திட்டாங்க’ என்பதுபோல் ஆண்பால் பன்மையை ஆள்வது உண்டு. ஆனால் தமிழ் ‘-ஆங்க’ ஒரே ஒரு அம்மாவையும் தாங்கும், அந்தப் பன்மை தாங்காது. பலர் வந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் பிறகு ஒருவரைக் காட்டினால் அது மொழிபெயர்ப்பாளர் செய்த தவறாகத்தான் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, ‘லுயி’. ‘அவனுக்கு’, ‘அவளுக்கு’, ‘அவருக்கு’ மூன்றுக்கும் பிரெஞ்சில் இந்த ஒரே சொல்தான். எழுவாயில் பாலைக் கேட்டு நச்சரிக்கும் மொழி, நான்காம் வேற்றுமையில் வாயே திறக்காது. வந்தவரை எழுவாயாக நிறுத்தாமல் வாங்கிக்கொண்டவராக நிறுத்திவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டும்.

இரண்டாவது வழி, பெயர்ச்சொல்லையே எழுதுவது. ‘வட்டிக்காரம்மா வந்தாங்களா?’, ‘பணத்தைக் கொடுத்தியா?’ என்ற தமிழைப் பிரெஞ்சில் சொன்னால் எப்படியோ அப்படி. இந்தக் காட்சிக்கு இது வேண்டாம். கதை ரகசியம் போய்விடுகிறது என்பது ஒரு காரணம். பேசும் இருவருக்கும் தெரிந்ததைப் பெயர் சொல்லிப் பேசினால் வாசகருக்காகப் பேசுவதுபோல் ஆகிவிடும் என்பது இன்னொன்று. பெயர்ச்சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்ட மொழிபெயர்ப்பில் பாத்திரங்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல் இருப்பார்கள்.

ஆனாலும் பெயர்ச்சொல் கட்டாயமாகும் ஓர் இடம் உண்டு, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். தமிழில் உயர்திணை, அஃறிணை வினையிலேயே தெரியும். “வந்துச்சா?” என்றதும் கேட்பது பஸ்ஸையோ பார்சலையோ என்று காதுக்குத் தெரிந்துவிடும், ஆளைக் கேட்டால் “வந்தானா?” பிரெஞ்சில் பஸ்ஸும் ஆண்பால், பையனும் ஆண்பால், இரண்டுக்கும் ‘இல்’. பிரதிப்பெயரை நம்பி ‘இல் எ தாரிவே?’ என்று எழுதினால், பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண் யாரோ ஓர் ஆணுக்காகக் காத்திருப்பதாக ஆகிவிடும். காதல் கதையில் இது சின்னத் தவறல்ல. இங்கே பெயரைச் சேர்க்கத்தான் வேண்டும். அதற்குப் பிரெஞ்சுப் பேச்சிலேயே அழகான ஒரு வழி இருக்கிறது: பிரதிப்பெயரோடு வாக்கியத்தை முடித்துவிட்டு, ஒரு கமா போட்டுப் பெயரைக் கடைசியில் தொங்கவிடுவது. ‘இல் எ தாரிவே, ல பூஸ்?’ நாம் “வந்துச்சா, பஸ்ஸு?” என்று சொல்வதில்லையா, அச்சாக அதே வடிவம். பெயர்ச்சொல் வேண்டும் என்று முடிவு செய்தால் முதலில் இந்த வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது வழி மங்கலான பிரதிப்பெயர்கள்: ஆளுக்கு ‘ஓன்’, பொருளுக்கு ‘சா’. யார் என்று சொல்லாத எழுவாய் ‘ஓன்’; எந்தப் பாலும் இல்லாத ‘அது’ என்பது ‘சா’. தமிழ் மொழிபெயர்ப்பவருக்குக் கிடைத்த வரம் போலத் தோன்றும். ‘ஓன் எ வெனு?’ என்று எழுதிவிட்டு உரக்கப் படித்தேன். இன்றைய பேச்சுப் பிரெஞ்சில் ‘ஓன்’ என்றதும் பெரும்பாலும் காதில் விழுவது ‘நாம’. ‘நாம வந்தோமா?’ என்ற அபத்தம் அதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதை விலக்கிப் படித்தாலும் ‘யாராவது வந்தாங்களா?’ என்றுதான் நிற்கும். மாமியார் கேட்பது யாராவது அல்ல, அந்த ஒருவர். தமிழில் எழுவாய் சொல்லப்படவில்லையே தவிர, அது மங்கலாக இல்லை.

இங்கேதான் ‘ஓன்’ எங்கே பொருந்தும் என்பது எனக்குப் பிடிபட்டது. தமிழிலும் குறிப்பிட்ட ஆள் மனதில் இல்லாதபோது அது கச்சிதம். “அங்க போகக் கூடாதுன்னு சொன்னாங்க” என்பதில் சொன்னது யார் என்பது பேசுபவருக்கே முக்கியமில்லை. ‘ஓன் மா தி’ என்று தொடங்கினால் சரியாக உட்காரும். “போலாமா?” என்பதற்கு ‘ஓன் நி வா?’ அதைவிடப் பொருத்தம். ‘சா’வுக்கும் எல்லை உண்டு. பொருளுக்கும் விஷயத்துக்கும் தாராளமாகப் போடலாம். ஆளுக்குப் போட்டால் ‘அது வந்துச்சா’ என்று ஒருவரை இழிவாகச் சொல்வதுபோல் ஆகிவிடும். மரியாதைக்கு ‘-ஆங்க’ போட்ட இடத்தில் அதை வைப்பது நேர் எதிரான வேலை.

நான்காவது வழி, விட்டது விட்டதாகவே இருக்கட்டும் என்பது. பிரெஞ்சில் இது முடியாது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். பேச்சில் முடியும், குறிப்பிட்ட சில இடங்களில். மிகவும் பயன்படுவது இது: ‘ல லுயி’, ‘லா லுயி’, ‘லே லுயி’ என்று இரண்டு பிரதிப்பெயர்கள் சேர்ந்து வரும்போது, பேச்சில் முன்னதை விழுங்கிவிடுகிறார்கள். ‘த்யூ ல லுயி ஆ தொன்னே?’ என்பது வீட்டில் ‘த்யூ லுயி ஆ தொன்னே?’ ஆகிவிடும், அவர்கள் காதுக்கு உறுத்தாது. நமக்கு இது பெரிய வசதி: பணமா, உறையா, காசா என்ற கேள்வியே எழவில்லை. ‘அவர்களுக்கு’ என்ற ‘லர்’ வரும்போதும் இதே கதைதான். இது பேச்சு வழக்கு மட்டுமே. கதைசொல்லியின் குரலில் போட்டால் பிழை. வக்கீலோ பேராசிரியரோ பேசினால் அவர் வாயிலும் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மருமகளுக்கு அது சொந்த மொழி மாதிரி.

‘லுயி’யையும் சேர்த்து விட்டுவிட்டால் என்ன? ‘ஜே தொன்னே’, அதாவது வெறும் ‘கொடுத்தேன்’. அதில் ஒரு குழி இருக்கிறது. செயப்படுபொருள் இல்லாத ‘கொடு’ பிரெஞ்சில் தானம், நன்கொடை என்ற பக்கம் சாயும். ‘ஜே தேஜா தொன்னே’ என்பது ‘என் பங்குக்குப் போதும், இனிமேல் என்னை இழுக்காதே’ என்ற பொருளில் மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. மருமகள் சலித்துக்கொள்வதாக அது கேட்கும். எந்த வினை வெறுமையைத் தாங்கும், எது தாங்காது என்பதை ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும். ‘தெரியும்’ தாங்கும், ‘சாப்பிட்டேன்’ தாங்கும், ‘எண்ணு’ தாங்கும். ‘கொடு’ தாங்காது.

ஐந்தாவது வழி, எழுவாயே தேவைப்படாத வேறு வாக்கியமாக மாற்றிவிடுவது. இதைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். ஆனால் சிரமமானதும் இதுதான். “போகணும்” என்பதில் நானா, நாமா, நீயா என்று இல்லை. பிரெஞ்சில் ‘ஃபோ இ ஆலே’ என்பதிலும் இல்லை. (முழு வடிவத்தில் முன்னால் ஓர் ‘இல்’ உண்டு, அது யாரையும் குறிக்காத வெற்று எழுவாய், பேச்சில் அதுவும் உதிர்ந்துவிடும்.) “சாப்பிட்டாச்சா?” இன்னும் நுட்பமானது. ஒருவரை நீ என்பதா நீங்க என்பதா என்று தயங்கும்போது நாம் எடுத்துக்கொள்ளும் ஒதுங்குமிடம் அது. தன்னைவிட வயதில் மூத்த கொழுந்தனிடம் அண்ணி கேட்பது மாதிரி. அதை ‘த்யூ’ போட்டோ ‘வூ’ போட்டோ மொழிபெயர்த்தால் தயக்கம் காணாமல் போகும். ‘தேஜா மான்ஜே?’ என்று வினையெச்சம் போல வெறுமனே விட்டால் தயக்கமும் அப்படியே வந்துவிடும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பதில்கள். தமிழில் ஆமாம் என்பதைவிட வினையைத் திருப்பிச் சொல்வதுதான் இயல்பு: கொடுத்தியா, கொடுத்துட்டேன். பிரெஞ்சில் அந்த வினையை அத்தனை பிரதிப்பெயர்களோடும் திருப்பிச் சொன்னால் ‘கொடுத்தேன்னு சொல்றேன்ல!’ என்ற அழுத்தம் வரும். அவர்கள் ‘உயி’ என்பார்கள், முடிந்தது என்றால் ‘சே ஃபே’ என்பார்கள். நம் எட்டு வரியில் நான்கு பதில்கள். ஆறாவது வரியின் ‘வாங்கிட்டுப் போயிட்டாங்க’ தவிர அவற்றில் எதையும் நிரப்ப வேண்டிய தேவையே இல்லை! நிரப்புவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன், அந்த வினையைத் திருப்பிச் சொல்ல வேண்டுமா என்று பார்ப்பது நல்லது.

சரி, எந்த இடத்தில் எந்த வழி? நான் செய்வது இது. தமிழ் வரியில் விட்டுப்போன சொல்லை நானே திரும்பப் போட்டு உரக்கப் படிப்பேன். “(அவர் சாவியை) எடுத்துட்டாரா?” என்று படித்தால் வரி நீளமாகிறது, வேறொன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் பிரதிப்பெயர் போதும். “(அந்தம்மா) வந்தாங்களா?” என்று படித்தால் காட்சியே மாறிவிடுகிறது, அப்படியென்றால் ஆசிரியர் அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக வைத்திருக்கிறார், ஐந்தாவது வழியைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் நான்காவது. சொல்லைத் திரும்பப் போடவே தெரியவில்லை, யார் என்று எனக்கே விளங்கவில்லை என்றால், கதையைக் கடைசி வரை படிக்காமல் தொடங்கிவிட்டேன் என்று பொருள். படித்தும் விளங்கவில்லை என்றால் ஆசிரியரைக் கேட்க வேண்டும். “இந்த ‘வந்தாங்க’ ஒருத்தரா, ரெண்டு பேரா?” என்று கேட்டால் அவரே ஒரு கணம் யோசிப்பார்.

திரைப்பட வசன வரிகளுக்கு இந்தக் கணக்கு வேறு. வந்தவர் திரையில் தெரிந்துவிட்டால் ‘எல்’ எதையும் கெடுக்காது, இடமும் குறைவு. முதல் வழியே போதும். தாளில் படிக்கும் கதையில்தான் பாலும் எண்ணும் வாசகருக்குச் செய்தியாகிவிடுகின்றன.

இனி எட்டு வரிக்குத் திரும்புவோம். முதல் வரியில் வந்தவரை எழுவாயாக நிறுத்தக் கூடாது என்பது தீர்மானம். வந்தவருக்குப் பதில் வருகையைச் சொல்லலாம். வருகை என்ற ‘விஸீத்’ பெண்பால்தான், ஆனால் அது சொல்லின் பால், வந்தவரின் பால் அல்ல. ஒருவர் வந்தாலும் மூவர் வந்தாலும் அது ஒரு வருகை. ‘த்யூ ஆ யூ தா விஸீத்?’ என்றால் ‘உன் ஆள் வந்தாச்சா’ என்பது போன்ற கேள்வி. ‘தா’ என்ற ‘உன்’ தமிழில் இல்லாதது. கடன் மருமகளுடையது என்பதால் அதை அனுமதித்தேன். மாமியார் வாங்கிய கடனாக இருந்தால் ‘லா விஸீத்’ என்று நிறுத்தியிருப்பேன். இரண்டாம் வரிக்கு ‘உயி’. மூன்றாவது, ‘த்யூ லுயி ஆ தொன்னே?’. இங்கே ஓர் இழப்பு இருக்கிறது: ‘லுயி’ வந்ததும் ஒருவர்தான் என்பது தெரிந்துவிட்டது. பாலைக் காப்பாற்ற எண்ணைக் கொடுத்தேன். நான்காவது, ‘சே ஃபே’.

ஐந்தாவது வரிக்கு ‘ஏ பா ஸான் மோ?’, ‘ஒரு வார்த்தைகூட இல்லையா?’ வினையே இல்லாததால் எழுவாய்க்கும் வேலையில்லை. ஆறாவது வரிதான் என்னை அரை நாள் உட்கார வைத்தது. ‘வாங்கிட்டுப் போயிட்டாங்க’ என்பதில் ‘போ’ என்ற வினை பிரெஞ்சில் இறந்தகாலத்தில் வந்தால் பாலைக் காட்டிவிடுகிறது. எழுவாயை வெட்டினாலும் வினையின் கடைசி எழுத்து காட்டிக்கொடுக்கும். கடைசியில் போனதைச் சொல்லாமல் போன பிறகு இருந்ததைச் சொன்னேன்: ‘பா ஸான் மோ. ல தான் த பிரான்த்ர், ஏ ப்ளூ பெர்சொன்.’ ஒரு வார்த்தை இல்லை. வாங்குகிற நேரம்தான், அப்புறம் யாரும் இல்லை. மூலத்தைவிட ஒரு சுற்று கூடுதல்தான். ஆனாலும் மருமகளின் நிம்மதி அதில் கேட்கிறது.

“எண்ணலையா?” என்பதற்கு முதலில் ‘சான் கோன்த்தே?’ என்று எழுதி மகிழ்ந்துபோனேன். ‘எண்ணாமலா?’ எழுவாய் இல்லை, பொருள் இல்லை, தமிழைப் போலவே சுருக்கம். மறுநாள் மேலிருந்து படித்தபோதுதான் தெரிந்தது: நான்கு வரி மேலே ‘தொன்னே’ இருக்கிறது. ‘தொன்னே சான் கோன்த்தே’ என்றால் பிரெஞ்சில் கணக்குப் பார்க்காமல் வாரி வழங்குவது. வட்டிக்கடன் கதையில், வாங்கியவர் எண்ணாததைச் சொல்லும் இடத்தில், கொடுத்தவளின் தாராளம் எங்கிருந்தோ நுழைகிறது. எடுத்துவிட்டேன். இப்போது இருப்பது ‘மேம் பா கோன்த்தே?’, ‘எண்ணக்கூட இல்லையா?’ பதில் ‘மேம் பா.’ மருமகளின் ‘எண்ணல’ போலவே சின்னதாக, தட்டையாக.

இந்தப் பிரெஞ்சு எட்டு வரியில் ‘எல்’ ஒருமுறைகூட வரவில்லை. ஒரு பக்கம் கழித்து, கொடுத்ததில் நூறு ரூபாய் குறைகிறது என்று வாசலில் வந்து நிற்கிறார் அந்த அம்மா. முதல் ‘எல்’ அந்த வரியில்.